கறார் மேலாளர், தாராள மேலாளர்

ஒரு மேலாளர் தன் குழுவில் பாதிப் பேருக்கு 5-க்கு 4 போடுகிறார். பக்கத்துக் குழு மேலாளர் கறார்; 3-ஐத் தாண்டவே மாட்டார். ஊதிய உயர்வு இந்த எண்ணைப் பொறுத்தது என்றால், யாரிடம் வேலை பார்க்கிறோம் என்பதே சம்பளத்தைத் தீர்மானித்துவிடும். இது அநியாயம்.

கூகுள் இதைச் சமாளித்த விதத்தை அதன் முன்னாள் மனிதவளத் தலைவர் லாஸ்லோ பாக் 2015-இல் வந்த தன் நூலில் விவரிக்கிறார். மேலாளர் முதலில் போடுவது வரைவு மதிப்பெண்தான். பிறகு ஐந்து முதல் பத்து மேலாளர்கள் கூடி, ஊழியர் பட்டியலைத் திரையில் பார்த்தபடி விவாதிப்பார்கள். அண்மையில் நடந்தது மட்டும் நினைவில் நிற்பது போன்ற வழக்கமான சறுக்கல்களை விளக்கும் தாள் ஒன்றும் ஆரம்பத்திலேயே கையில் தரப்படும்.

ஒரே பதவியில் இரு பொறியாளர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு 4, மற்றவருக்கு 3. "அப்படி என்ன செய்தார்?" என்று மற்ற மேலாளர்கள் குடைகிறார்கள். 4 பெற்றவர் கொடுத்த வேலையைக் கெடுவுக்குள் முடித்தவர். 3 பெற்றவரோ அதையும் முடித்து, மூன்று குழுக்களை முடக்கிய பழுதையும் சரிசெய்தவர். மதிப்பெண்கள் இடம் மாறுகின்றன.

ஆபத்தும் உண்டு. பேச்சுத்திறன் உள்ள மேலாளரின் ஆட்கள் சுலபமாக மேலேறிவிடுவார்கள். செய்த வேலையைச் சொல்லாமல் "நல்ல பையன்" என்று மட்டும் வாதாடினால், கூட்டம் தடம் மாறுகிறது என்று அர்த்தம்.