வார விற்பனையும் நாலு வாரச் சராசரியும்

"இந்த வாரம் வியாபாரம் படுத்துவிட்டது." திருமலை மத்திய வீதியில் எந்தக் கடைக்குப் போனாலும் மாதத்தில் ஒரு தடவையாவது இந்தப் பேச்சு காதில் விழும். அடுத்த வாரமே அதே முதலாளி மொத்த வியாபாரியிடம் இரட்டிப்பாக ஓடர் கொடுப்பார். இரண்டு தடவையும் அவர் பார்த்தது ஒரே ஒரு வாரத்தின் கணக்கைத்தான். ஒரு வாரக் கணக்கில் சம்பளம், மழை, பெருநாள் எல்லாம் கலந்து கிடக்கும். வியாபாரம் உண்மையில் ஏறுகிறதா, இறங்குகிறதா என்பது அதற்குள் மறைந்துவிடும். அதைப் பிரித்தெடுக்க உதவுவதுதான் நகரும் சராசரி. இதற்கு ஒரு கொப்பியும் கல்குலேட்டரும் போதும்.

கணக்குக்காக ஒரு பலசரக்குக் கடையை வைத்துக்கொள்வோம். எட்டு வார விற்பனை, ஆயிரம் ரூபாக் கணக்கில், இப்படி: 310, 240, 220, 190, 294, 228, 210, 180. நாலாம் வாரம் 190 ஆக இருந்தது ஐந்தாம் வாரம் 294 ஆனதைப் பார்த்தால் யாருக்கும் சந்தோஷமாக இருக்கும். ஆனால் அது சம்பள வாரம். நமது பகுதியில் அரச ஊழியர்களின் சம்பளம் 25ஆம் திகதியை ஒட்டி வருவதால், விற்பனை அப்போது ஏறி மாத நடுவில் இறங்கும்.

இப்போது முதல் நாலு வாரத்தைக் கூட்டி நாலால் பிரியுங்கள்: 240. பிறகு முதலாம் வாரத்தை விட்டுவிட்டு ஐந்தாம் வாரத்தைச் சேருங்கள்: 236. இப்படியே ஒவ்வொரு வாரமாக நகர்த்தினால் 233, 230.5, 228 என்று வரும். சம்பள ஏற்றம் மறைந்து, மெல்ல இறங்கும் ஒரு கோடு தெரிகிறது. ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு சம்பள வாரமும் மூன்று சாதாரண வாரமும் இருப்பதால்தான் இது சரிவருகிறது. மூன்று வாரம் எடுத்திருந்தால் சம்பள வாரம் உள்ளே வருவதும் வெளியே போவதுமாகச் சராசரி தொடர்ந்து ஆடிக்கொண்டே இருக்கும்.

ஆனால் வருடத்துக்கு 52 வாரம், சம்பளமோ 12. ஆகவே சுமார் நாலு தடவை இரண்டு சம்பள வாரங்களுக்கிடையில் ஐந்து வார இடைவெளி விழும். அப்போது நாலு வாரக் கூட்டத்துக்குள் சம்பள வாரமே இராது. நமது கடையில் ஒன்பதாம் வாரம் சம்பளம் வராமல் விற்பனை 175 ஆக நின்றால், சராசரி 228இலிருந்து 198க்கு விழும். பயப்படத் தேவையில்லை, கலண்டரைப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும்.

கடை பூட்டிய வாரமும் இப்படித்தான். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்தபோது ஒரு கடை மூன்று நாள் பூட்டியிருந்தால், அந்தக் குறைவு நாலு வாரமும் சராசரியைக் கீழே இழுத்துப் பிடிக்கும். ஐந்தாம் வாரம் அது வெளியே போனதும் சராசரி துள்ளி எழும்பும். வியாபாரம் கூடியதால் அல்ல, கெட்ட வாரம் கழன்றதால். சராசரி அசைந்தால், புதிதாகச் சேர்ந்த வாரத்தை மட்டுமல்ல, கழன்று போன வாரத்தையும் பாருங்கள்.

சரி, 240இலிருந்து 228க்கு இறங்கியது நிரந்தர வீழ்ச்சியா, பருவமா? நாலு வாரச் சராசரி இதற்குப் பதில் சொல்லாது. ஒக்டோபர், நவம்பர் என்றால் இங்கே வாடைக்காற்று மழை தொடங்கிவிடும். கடல் கொந்தளிக்கும், கடற்றொழில் குறையும், நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் வெளிநாட்டவரும் குறைவு. ஆகவே போன வருடத்து அதே வாரங்களின் சராசரியை எடுங்கள். அப்போதும் 250இலிருந்து 237க்கு இறங்கியிருந்தால் இரண்டு வருடமும் ஏறக்குறைய 5 வீத இறக்கம்தான், அது பருவம். ஆனால் 250 இருந்த இடத்தில் இப்போது 240 நிற்கிறதே, அதுதான் யோசிக்க வேண்டிய விஷயம். விலையும் ஏறியிருந்தால் சரக்கு இன்னும் குறைவாகவே போயிருக்கிறது.

பருவத்தை முழுதாக நீக்க 52 வாரச் சராசரி எடுப்பார்கள். இதில் நமது வியாபாரிகளுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. நோன்புப் பெருநாள் வருடாவருடம் பத்துப் பதினொரு நாள் முன்னால் வருகிறது. 2024இல் அது ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் வந்தது, 2025இல் மார்ச் 31இல். 2024 ஏப்ரல் 1 தொடங்கி 2025 மார்ச் 30 வரை 52 வாரம் எடுத்த ஜவுளிக் கடைக்காரரின் கணக்கில் இரண்டு பெருநாள் வியாபாரம் விழுந்திருக்கும். அந்தச் சராசரியை நம்பிக் கடையைப் பெருப்பித்தால், இரண்டு வாரம் கழித்து 2024 பெருநாள் கழன்றதும் கோடு தானாக இறங்கும்.

இதற்கு வழி, பெருநாளுக்கு முந்திய மூன்று நாலு வாரங்களின் விற்பனையை வேறு பக்கத்தில் எழுதுவது. சராசரிக் கணக்கில் அந்த வாரங்களுக்கு அவற்றுக்கு முன்னும் பின்னும் நின்ற சாதாரண வாரங்களின் தொகையைப் போடுங்கள். பெருநாள் வியாபாரத்தைப் போன பெருநாளோடு மட்டும் ஒப்பிடுங்கள், திகதி எதுவாக இருந்தாலும் சரி.