ஒரு வரி வளர்ந்த கதை

என் தந்தையாரின் அடையாள அட்டையில் பிறந்த நாள் ஜூன் 1 என்றிருக்கிறது. பாட்டியைக் கேட்டால், “கம்பு அறுப்பு நேரம்” என்பார், அவ்வளவுதான் தெரியும். தேதி, பள்ளியில் சேர்த்த அன்று வாத்தியார் உத்தேசமாகப் போட்டது. நபிகள் நாயகம் அவர்களின் பழைய வரலாற்று நூல்களைப் பற்றி நூலகத்தில் படித்தபோது எனக்கு அந்தத் தேதிதான் நினைவுக்கு வந்தது.

அரபியில் இவ்வரலாறுகளை ‘ஸீரா’ என்பர். நாயகம் அவர்கள் மறைந்தது கி.பி. 632-இல். நமக்கு விரிவாகக் கிடைக்கும் மிகப் பழைய ஸீராவைத் தொகுத்த இப்னு இஸ்ஹாக் இறந்தது ஏறத்தாழ 767-இல். அதுவும் அவர் எழுதியபடியே நம் கைக்கு வரவில்லை. இப்னு ஹிஷாம் என்பவர் செப்பனிட்ட வடிவமே பெரிதும் வழங்குகிறது. சிலவற்றை நீக்கியதாக அவரே முன்னுரையில் சொல்லிவிடுகிறார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

இந்நூலாசிரியர்கள் செய்திகள் பலவற்றிற்கு முன்னால் ‘இன்னார் சொல்ல இன்னார் கேட்டார்’ என்று அறிவிப்பாளர் வரிசையைத் தருவர். சொன்னவர்களின் காலத்தையும் நாணயத்தையும் சோதிக்க அது உதவும். ஆனால் வரிசையையே பிற்காலத்தார் சேர்த்திருக்கவும் கூடும். ஆகவே வரலாற்றாசிரியர்கள் ஒரே செய்தி நூலுக்கு நூல் எப்படி மாறுகிறது என்றும் பார்க்கின்றனர்.

நாயகத்தின் தந்தையார் அப்துல்லாஹ்வின் மரணத்தையே எடுத்துக்கொள்வோம். இப்னு ஹிஷாமின் வடிவத்தில் செய்தி ஒரு வரிதான்: மனைவி கருவுற்றிருக்கையில் அவர் இறந்தார். இப்னு இஸ்ஹாக்கிற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின் இறந்த வாகிதியோ, அப்துல்லாஹ் காஸாவுக்கு வணிகம் சென்று திரும்பும் வழியில் நோயுற்றார், மதீனாவில் உறவினர் வீட்டில் இறந்தார், வயது 25 என்று விவரிக்கிறார்; அடக்கம் செய்த இடமும் சொல்கிறார். காலம் செல்லச் செல்ல நினைவு மங்கத்தானே வேண்டும்? இங்கே தெளிவாகிறது! மைக்கேல் குக் 1983-இல் இதைச் சுட்டிக்காட்டி, பிந்திய விவரங்களை ஐயத்துடன் பார்க்கச் சொன்னார்.

நானும் அத்துடன் முடிந்தது என்றே நினைத்தேன். ஆனால் 1995-இல் மைக்கேல் லெக்கர் மற்ற நூல்களையும் தேடி ஒப்பிட்டார். வாகிதியைச் சாராத வழிகளிலும் இத்தகைய விவரங்கள் இருந்தன. வாகிதி புனையவில்லை, ஏற்கெனவே வழங்கிய பல கூற்றுகளில் ஒன்றைத் தேர்ந்தார் என்பது அவர் முடிவு. வாகிதிமேல் சுமத்திய பழி இதனால் குறைகிறது. ஆயினும் அந்தக் கூற்றுகளுள் எது உண்மை என்ற கேள்வி அப்படியேதான் நிற்கிறது.

காஸா, 25 வயது, அடக்கம் செய்த இடம் ஆகியவற்றை இன்று எவரும் அறுதியிட்டுக் கூற இயலாது. தந்தையை இழந்து வளர்ந்தார் என்பதன் நிலை வேறு. இந்நூல்கள் எல்லாவற்றிற்கும் முந்திய குர்ஆனின் 93-ஆம் அத்தியாயம், அநாதையாக இருந்து அடைக்கலம் பெற்றவரென்றே அவரை விளித்துப் பேசுகிறது.