எழுத்து வழுக்காமல் இருக்க

ஓடும் பேருந்தின் தலைக்கு மேலே ஒரு டைட்டில் மிதந்தபடி கூடவே போவதை ஆவணப்படங்களில் பார்த்திருப்பீர்கள். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் அதைச் செய்யும் முறை எளிது. டிராக்கர் பேனலில் Track Motion அழுத்தி, பேருந்தில் ஓர் இடத்தைக் காட்டி, Analyze கொடுத்தால் மென்பொருள் ஃபிரேம் ஃபிரேமாகப் பின்தொடரும். முதல் இரண்டு நொடி ஒழுங்காகப் போகும். மூன்றாவது நொடியில் எழுத்து பேருந்தைக் கைவிட்டு, நடைபாதையில் போகிற யாரோ ஒருவர் பின்னால் கிளம்பிவிடும். பெரும்பாலும் கோளாறு மென்பொருளில் இல்லை, நாம் காட்டிய இடத்தில் இருக்கிறது.

டிராக்கருக்குப் பேருந்து என்று ஒன்று தெரியாது. திரையில் இரண்டு பெட்டிகள் வருகின்றன அல்லவா? உள்பெட்டிக்குள் இருக்கும் பிக்சல்களை அது ஒரு மாதிரியாக எடுத்துக்கொள்கிறது. அடுத்த ஃபிரேமில் வெளிப்பெட்டியின் எல்லைக்குள் அந்த மாதிரிக்கு மிக நெருக்கமான துண்டு எங்கே இருக்கிறது என்று தேடுகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. ஆகவே உள்பெட்டிக்குள் என்ன விழுகிறது என்பதே பாதி வெற்றி.

ஒரு ஷாட்டை வைத்துப் பார்ப்போம். 1920 × 1080 அளவு, நொடிக்கு 25 ஃபிரேம். நகரப் பேருந்து இடமிருந்து வலமாக 4 நொடியில் சுமார் 1,400 பிக்சல் கடக்கிறது. நடுவில் ஒரு விளக்குக் கம்பம் குறுக்கே வருகிறது. பேருந்துக்கு மேலே ‘கடைசி வண்டி, இரவு 9.40’ என்று எழுத்து வர வேண்டும்.

எந்த இடத்தைப் பிடிப்பது? பக்கவாட்டில் ஓடும் வண்ணக் கோடு கண்ணைக் கவரும். ஆனால் கோட்டின் எந்தத் துண்டை எடுத்தாலும் பக்கத்துத் துண்டும் அதேபோல் இருப்பதால், டிராக்கர் கோட்டின் மேலேயே வழுக்கிக்கொண்டு போகும். இரண்டு திசையிலும் மாற்றம் உள்ள மூலைதான் பிடிமானம் தரும். ஜியான்போ ஷி, கார்லோ தொமாசி இருவரும் 1994-இல் எழுதிய புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரை, பின்தொடர ஏற்ற புள்ளி எது என்பதை இந்த அடிப்படையில்தான் கணக்கிட்டது. சக்கரம் சுழலும், எனவே வேண்டாம். ஜன்னல் கண்ணாடியில் தெரிவது மரத்தின் பிம்பம். அது பேருந்தோடு வராது. முகப்பில் மினுக்கும் எல்.இ.டி. பலகையும் ஆபத்து. கண்ணுக்கு நிலையாகத் தெரிந்தாலும், கேமராவில் அது ஃபிரேமுக்கு ஃபிரேம் துடிக்கும். மிஞ்சுவது பக்கவாட்டில் பெயின்டில் எழுதிய எண். அதில் ஓர் எழுத்தின் மூலையை, சுற்றிலும் கொஞ்சம் பின்னணியோடு, உள்பெட்டிக்குள் அடக்கினால் போதும்.

இனி வெளிப்பெட்டி. 1,400 பிக்சலை 100 ஃபிரேமால் வகுத்தால் ஃபிரேமுக்கு 14 பிக்சல். கையில் பிடித்த கேமராவின் ஆட்டத்தையும் சேர்த்து, உள்பெட்டிக்கு வெளியே இருபக்கமும் சுமார் 25 பிக்சல் விட்டால் தாராளம். “எதற்கும் இருக்கட்டும்” என்று இதைப் பெரிதாக இழுத்துவிடுவது பலரின் பழக்கம். பேருந்தில் அது நேராக வினையில் முடியும். ஒரே மாதிரியான ஜன்னல்களும் ஆணிகளும் வரிசையாக நிற்கும் உடல் அது. தேடும் பரப்பு அகன்றால், ஒன்றை விட்டு அடுத்ததைப் பிடித்துக்கொள்ளும். எழுத்து சட்டென்று ஒரு ஜன்னல் தூரம் தாவினால் காரணம் இதுதான்.

டிராக்கரின் Options-இல் இரண்டு முடிவுகள் முக்கியம். Adapt Feature On Every Frame தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு ஃபிரேமிலும் மாதிரி புதுப்பிக்கப்படும். பேருந்து திரும்பும்போது இது கைகொடுக்கும். ஆனால் ஒவ்வொரு புதுப்பித்தலிலும் சேரும் துளிப் பிழை கூடிக்கொண்டே போய், புள்ளி மெல்ல நகர்ந்துவிடும். நம் பேருந்து நேராகப் போகிறது, ஆகவே இதை அணைத்துவைக்கலாம். அடுத்தது, நம்பிக்கை அளவு 80 சதவீதத்துக்குக் கீழே போனால் என்ன செய்வது என்ற கேள்வி. Stop Tracking என்று வையுங்கள். தவறான பாதையில் தொடர்ந்து ஓடுவதைவிட நின்று கேட்பது நல்லது.

இப்படி வைத்தால் கம்பம் வந்ததும் டிராக்கர் நிற்கும். பேருந்து எண் கம்பத்துக்கு மறுபக்கம் தெரியும் ஃபிரேமுக்குப் போய், பெட்டிகளை மறுபடி அதே மூலையில் கொண்டுவந்து வைத்து, அங்கிருந்து தொடருங்கள். இடையில் கீஃபிரேம் இல்லாத ஐந்தாறு ஃபிரேம்களை மென்பொருளே நேர்கோட்டில் நிரப்பிக்கொள்ளும். கேமரா சீராகத் திரும்பியிருந்தால் யாருக்கும் தெரியாது. அந்த ஐந்து ஃபிரேமில் கேமரா குலுங்கியிருந்தால் மட்டும், ஒன்று விட்டு ஒன்று கையால் வைத்துச் சரிசெய்ய வேண்டும்.

எண் ஃபிரேமை விட்டு வெளியேறிய பிறகும் பேருந்தின் பின்பகுதி தெரிகிறதா? விண்டோஸில் Alt, மேக்கில் Option அழுத்தியபடி பெட்டிகளை மட்டும் பின்பக்க மூலை ஒன்றுக்கு இழுங்கள். இணைப்புப் புள்ளி பழைய இடத்திலேயே நிற்கும், பாதையும் அறுபடாமல் தொடரும்.

கிடைத்த பாதையை நேராக எழுத்து லேயருக்குக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் அதன் Position முழுக்கக் கீஃபிரேம்களால் நிரம்பி, “இருபது பிக்சல் மேலே தூக்குங்கள்” என்று இயக்குநர் சொல்லும்போது திண்டாட்டம். ஒரு நல் ஆப்ஜெக்டை உருவாக்கி, Edit Target-இல் அதைத் தேர்ந்து Apply கொடுங்கள். பிறகு டைட்டில் எந்த இடத்தில் இருக்க வேண்டுமோ, அந்த ஃபிரேமில் பிளேஹெட்டை நிறுத்தி, எழுத்தை அங்கே வைத்து, நல்லோடு பேரன்ட் செய்யுங்கள். நல் குதிரை வண்டியின் குதிரை மாதிரி; எழுத்து பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டு தன் விருப்பத்துக்கு அசையலாம்.

சரியாக ஒட்டியதா என்று டைட்டிலைப் பார்த்து முடிவு செய்ய முடியாது, காற்றில் மிதக்கிற பொருளுக்குச் சின்ன நழுவல் தெரியாது. ஒரு சிறிய சிவப்புச் சதுரத்தை அதே மூலையின் மேல் வைத்து நல்லோடு பேரன்ட் செய்து, முதல், நடு, கடைசி ஃபிரேம்களை 100 சதவீதத்தில் ஒப்பிடுங்கள். மூலையை விட்டுச் சதுரம் விலகிக்கொண்டே போனால் அது நழுவல். மூலை நிலையாக இருக்க, சதுரம் ஓரிரு பிக்சல் நடுங்கினால் அது வெறும் இரைச்சல். நடுக்கத்துக்கு ஸ்மூதர் உண்டு, ஆனால் அளவோடு. பேருந்து பள்ளத்தில் இறங்கிக் குலுங்கினால் எழுத்தும் குலுங்கத்தான் வேண்டும். அதையும் மழித்துவிட்டால், எழுத்து பேருந்துக்குச் சொந்தமில்லாமல் தனியே வழுக்கும். எனக்குக் கொஞ்சம் நடுங்கும் எழுத்தே மேல்.

பேருந்து மங்கலாக நகர, எழுத்து மட்டும் கத்திமுனை போல் கூர்மையாக இருந்தாலும் ஒட்டவைத்ததாகத் தெரியும். எழுத்து லேயருக்கும் காம்போசிஷனுக்கும் மோஷன் பிளரைத் திறந்துவிடுங்கள். வழக்கமான ஷட்டர் கோணமான 180 பாகை, 25 ஃபிரேமில் 1/50 நொடிக்குச் சமம். வெயிலில் 1/500-இல் எடுத்த காட்சியென்றால் பேருந்தே கூர்மையாகத்தான் இருக்கும். அப்போது பிளர் வேண்டாம்.

பேருந்து கேமராவை நோக்கி வந்தால் ஒற்றைப் புள்ளி போதாது. இரண்டு புள்ளிகளைப் பிடித்து Scale-ஐயும் எடுக்கலாம். பின்னோக்கி அனலைஸ் செய்வது அங்கே நல்லது: பேருந்து மிக அருகில், எண் மிகத் தெளிவாக இருக்கும் ஃபிரேமிலிருந்து தொடங்குங்கள். எழுத்தை அதன் பக்கவாட்டில் பெயின்டில் எழுதியது போலவே காட்ட நினைத்தால் இந்தப் புள்ளி டிராக்கர் உதவாது. கோணம் மாறும்போது பரப்பு முழுவதும் எப்படிச் சாய்கிறது என்பதைப் பின்பற்ற, கூடவே வரும் மோக்காவின் பிளானர் டிராக்கிங் தேவை. அதற்குக் கண்ணாடியைத் தவிர்த்து, தகரத்தின் அகலமான துண்டு ஒன்றை வரைந்து கொடுக்க வேண்டும்.