பாகுநிலைப் பாய்ம ஓட்டத்தின் உந்தச் சமன்பாடும் பரிமாணமற்ற எண்களும்: கோலாலம்பூர் ஸ்மார்ட் சுரங்கத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

கோலாலம்பூரின் மையத்தில் கோம்பாக் ஆற்றோடு கலக்கும் கிள்ளான் ஆறு, பிரிக்பீல்ட்ஸின் ஓரமாகச் சென்று, கிள்ளான் நகரைக் கடந்து மலாக்கா நீரிணையை அடைகிறது. 1971 ஜனவரியில் தலைநகரை மூழ்கடித்த பெருவெள்ளம் இன்றும் முதியோர் நினைவில் உள்ளது. அத்தகைய வெள்ளத்தின் ஒரு பகுதியை நகர மையத்திற்குள் நுழையவிடாமல் திருப்புவதற்காகக் கட்டப்பட்டு, 2007இல் திறக்கப்பட்டதே ஸ்மார்ட் எனப்படும் சுரங்கம். அதன் நீளம் 9.7 கிலோமீட்டர், உள்விட்டம் ஏறத்தாழ 11.8 மீட்டர். அதன் நடுப்பகுதியில் சுமார் 3 கிலோமீட்டர் தூரத்திற்கு ஈரடுக்குச் சாலையும் அமைந்துள்ளது. பெருமழையின்போது சாலை மூடப்பட்டு, சுரங்கம் முழுவதும் நீருக்கு விடப்படுகிறது.

இத்தகைய அமைப்பில் நீர் எவ்வாறு ஓடும் என்பதைக் கட்டுவதற்கு முன்பே ஒரு சிறிய மாதிரியில் கண்டறிய இயலுமா? இயலும் எனில், மாதிரியில் நீரை எந்த வேகத்தில் செலுத்த வேண்டும்? இவ்வினாக்களுக்கான விடை, பாய்மத்தின் உந்தச் சமன்பாட்டைப் பரிமாணமற்ற வடிவில் எழுதுவதிலிருந்து கிடைக்கிறது. அம்முறையையும் அதன் எல்லைகளையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

'பரிமாணம்' என்னும் சொல்

முதலில் ஒரு சொல் விளக்கம் தேவைப்படுகிறது. பள்ளிக் கணிதத்தில் இருபரிமாணம், முப்பரிமாணம் என்னும்போது 'பரிமாணம்' என்பது நீள அகல உயரங்களாகிய திசைகளைக் குறிக்கிறது. இயற்பியலிலோ அதே சொல், ஓர் அளவு நீளம், நிறை, காலம் ஆகியவற்றால் எவ்வாறு ஆக்கப்பட்டுள்ளது என்பதைக் குறிக்கிறது. வேகத்தின் பரிமாணம் நீளத்தைக் காலத்தால் வகுத்தது. 'பரிமாணமற்ற எண்' என்பது, மீட்டரில் அளந்தாலும் அடியில் அளந்தாலும் மாறாத தூய எண்ணாகும். இவ்விரு பொருள்களையும் வகுப்பில் பிரித்துக் காட்டாவிடில், மாணவர் 'பரிமாணமற்ற ஓட்டம்' என்பதைக் கன அளவில்லாத ஓட்டம் என எண்ணிக்கொள்ளக்கூடும்.

சமன்பாடும் அதன் மாற்றமும்

19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் நேவியர், ஸ்டோக்ஸ் ஆகியோரின் ஆய்வுகளால் உருப்பெற்ற உந்தச் சமன்பாடு, அடர்த்தி மாறாத பாய்மத்திற்குப் பின்வருமாறு அமையும்:

ρ(∂u/∂t + u·∇u) = −∇p + μ∇²u + ρg

இடப்பக்கம் பாய்மத்தின் நிலைமத்தைக் கூறுகிறது. வலப்பக்கத்தில் அழுத்த வேறுபாடு, பாகுநிலை உராய்வு, ஈர்ப்பு ஆகிய மூன்று விசைகள் உள்ளன. இங்கு ρ அடர்த்தி, μ பாகுநிலை, u திசைவேகம், p அழுத்தம்.

இதனைப் பரிமாணமற்றதாக்க, அச்சிக்கலுக்குரிய அளவுகோல்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நீளத்திற்குச் சுரங்கத்தின் விட்டம் L, வேகத்திற்கு நீரின் சராசரி வேகம் U, காலத்திற்கு L/U, அழுத்தத்திற்கு ρU². ஒவ்வொரு மாறியையும் அதன் அளவுகோலின் மடங்காக எழுதுகிறோம்:

x = L x*,  u = U u*,  t = (L/U) t*,  p = ρU² p*

இவற்றைச் சமன்பாட்டில் இட்டால், நிலைம உறுப்புகளுக்கு முன் ρU²/L என்னும் கெழு வரும், அழுத்த உறுப்புக்கு முன்னும் அதே கெழு, பாகுநிலை உறுப்புக்கு முன் μU/L², ஈர்ப்புக்கு ρg. எல்லாவற்றையும் ρU²/L ஆல் வகுத்தால் கிடைப்பது:

∂u*/∂t* + u*·∇*u* = −∇*p* + (1/Re)∇*²u* + (1/Fr²) e

இதில் e என்பது ஈர்ப்புத் திசையைக் காட்டும் ஓரலகுத் திசையன். புதிதாகத் தோன்றிய இரு தொகுதிகள்:

Re = ρUL/μ,  Fr = U/√(gL)

முன்னது ரெனால்ட்சு எண். நிலைமத்திற்கும் பாகுநிலை உராய்வுக்கும் உள்ள விகிதம். பின்னது ஃபுரூட் எண். அதன் வர்க்கம் நிலைமத்திற்கும் ஈர்ப்புக்கும் உள்ள விகிதம். ρ, μ, g, U, L என்னும் ஐந்து அளவுகள் இரண்டே எண்களாகச் சுருங்கிவிட்டன என்பதே இங்குக் கருதத்தக்கது. வடிவத்தில் ஒத்த இரு ஓட்டங்களில் இவ்விரு எண்களும் சமமாகவும், எல்லையிலும் தொடக்கத்திலும் உள்ள நிலைமைகள் ஒத்தும் இருப்பின், அவை ஒரே பரிமாணமற்ற சமன்பாட்டிற்கு உட்பட்டவை. அளவில் ஒன்று கைக்குள் அடங்குவதாகவும் மற்றது ஆற்றளவாகவும் இருப்பது அதற்குத் தடையன்று.

மாதிரியில் எழும் முரண்

சுரங்கத்தில் நீர் வினாடிக்கு 2.5 மீட்டர் வேகத்தில் ஓடுவதாகக் கொள்வோம். சாலை அடுக்குகளைக் கணக்கில் கொள்ளாது, சுரங்கம் நெடுகிலும் சீரான வட்டக் குழாய் என எளிமைப்படுத்திக்கொள்வோம். நம் நாட்டு வெப்பநிலையில் நீருக்கு μ/ρ ஏறத்தாழ 0.8 × 10⁻⁶ சதுர மீட்டர்/வினாடி. எனவே ரெனால்ட்சு எண் சுமார் 3.7 கோடி, ஃபுரூட் எண் சுமார் 0.23.

இதற்கு 40இல் ஒரு பங்கு அளவுள்ள மாதிரியைச் செய்தால், அதன் விட்டம் 29.5 சென்டிமீட்டர். ஃபுரூட் எண் ஒத்திருக்க வேண்டுமெனில், வேகம் 40இன் வர்க்கமூலத்தால் வகுக்கப்பட்டு வினாடிக்கு 0.4 மீட்டராகக் குறைய வேண்டும். ரெனால்ட்சு எண் ஒத்திருக்க வேண்டுமெனில், வேகம் 40 மடங்காகி வினாடிக்கு 100 மீட்டராக உயர வேண்டும். ஒன்று குறைக்கச் சொல்கிறது. மற்றது கூட்டச் சொல்கிறது. இரண்டையும் ஒருசேர நிறைவேற்ற, நீரைவிட ஏறத்தாழ 250 மடங்கு குறைந்த μ/ρ உடைய திரவம் வேண்டும். அத்தகைய திரவம் கைவசம் இல்லை. ஆகவே, மாதிரியை அமைப்போர் ஓர் எண்ணைக் கைவிட்டே ஆக வேண்டும். எதனைக் கைவிடலாம் என்பதைச் சமன்பாட்டை மட்டும் பார்த்துத் தீர்மானிக்க இயலாது. எல்லை நிலைமைகளையும் நோக்க வேண்டும்.

ஈர்ப்பு மறையும் நிலை

சுரங்கம் கூரைவரை நிரம்பி ஓடுகையில் நீருக்குத் திறந்த மேற்பரப்பு இல்லை. அந்நிலையில் p + ρgz என்பதையே புதிய அழுத்தமாக வரையறுத்தால் (z என்பது உயரம்), ஈர்ப்பு உறுப்பு அழுத்த உறுப்புக்குள் அடங்கிவிடுகிறது. ஃபுரூட் எண் சமன்பாட்டிலிருந்தே நீங்குகிறது. எஞ்சுவது ரெனால்ட்சு எண் ஒன்றே. எனவே, நிரம்பிய சுரங்கத்தின் மாதிரியில் வேகத்தை ஃபுரூட் விதிப்படி குறைக்க வேண்டிய கட்டாயம் இல்லை; நீரேற்றியின் வலிமை இடங்கொடுக்கும்வரை கூட்டலாம்.

நீருக்கு மேலே காற்று இருக்குமாயின் நிலைமை வேறு. அம்மேற்பரப்பில் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்திற்குச் சமமாக இருத்தல் வேண்டும். மேலே செய்தது போல அழுத்தத்தை மறுவரையறை செய்தாலும், ஈர்ப்பு இந்நிபந்தனையின் வழியாக மீண்டும் வந்துவிடுகிறது. அலையும் நீர்மட்ட உயர்வும் ஃபுரூட் எண்ணால் ஆளப்படுகின்றன. ஆக, ஒரே சுரங்கம், ஒரே நீர். நிரம்பி ஓடும்போது ஓர் எண்ணும், நிரம்பாது ஓடும்போது இரண்டு எண்களும் ஓட்டத்தைக் கட்டுப்படுத்துகின்றன. திறந்த ஆறுகளுக்கும் அணைகளின் வழிந்தோடிகளுக்கும் மாதிரி செய்வோர் ஃபுரூட் எண்ணைக் காத்து, ரெனால்ட்சு எண்ணை விட்டுக்கொடுப்பதன் காரணமும் இதுவே.

சிறிய கெழுவைப் புறக்கணிக்கலாமா?

ரெனால்ட்சு எண் 3.7 கோடி எனில், பாகுநிலை உறுப்பின் கெழுவாகிய 1/Re மிகமிகச் சிறியது. அதனை நீக்கிவிட்டால் என்ன என்னும் வினா இயல்பாக எழும். நீக்கினால் சுவரில் உராய்வே இல்லை என்னும் பொருந்தா முடிவு கிட்டும். 1904இல் பிராண்டில் இதற்கு விளக்கம் தந்தார். சுவரை ஒட்டிய மெல்லிய அடுக்கில் வேகம் சுழியத்திலிருந்து முழு அளவிற்கு உயர்கிறது. அங்கு உரிய நீள அளவுகோல் சுரங்கத்தின் விட்டமன்று, அவ்வடுக்கின் தடிமனே. நாம் தேர்ந்த L அவ்விடத்திற்குப் பொருந்தாததால், சிறியதாகத் தோன்றிய உறுப்பு அங்கே பெரிதாகிறது.

இதன் நடைமுறை விளைவைக் கணக்கிட்டுக் காணலாம். காங்கிரீட் சுவரின் சொரசொரப்பு 1 மில்லிமீட்டர் எனக் கொண்டால், முழுச் சுரங்கத்தின் உராய்வுக் கெழு ஏறத்தாழ 0.012. 9.7 கிலோமீட்டர் கடக்கையில் நீர் இழக்கும் ஆற்றல், உயரமாகக் கூறின், சுமார் 3 மீட்டர். இப்பொழுது ஒருவர் செலவைக் குறைக்க எண்ணி, 400இல் ஒரு பங்கு மாதிரியை ஃபுரூட் விதிப்படி இயக்குவதாகக் கொள்வோம். விட்டம் 3 சென்டிமீட்டர். ரெனால்ட்சு எண் 4,600 மட்டுமே. வழவழப்பான குழாயாயினும் அந்நிலையில் உராய்வுக் கெழு சுமார் 0.038. அதனை அப்படியே முழு அளவிற்குப் பெருக்கினால் இழப்பு 10 மீட்டர் எனக் கிடைக்கும். மூன்றுக்கும் பத்துக்கும் உள்ள இவ்வேறுபாடு, சுரங்கம் எவ்வளவு வெள்ளத்தை ஏற்கும் என்னும் கணிப்பையே தலைகீழாக்கிவிடும்.

இப்பிழையைக் கண்டறிய ஒரு வழி உண்டு. ஒரே அமைப்பை வெவ்வேறு அளவு மாதிரிகளில், எடுத்துக்காட்டாக 20, 40, 80இல் ஒரு பங்குகளில், சோதிக்க வேண்டும். உராய்வுக் கெழு போன்ற பரிமாணமற்ற விளைவுகள் மூன்றிலும் ஒத்திருந்தால், ரெனால்ட்சு எண்ணின் தாக்கம் அந்த எல்லைக்குள் பொருட்படுத்தத்தக்கதன்று. மாதிரி சிறுகச் சிறுக அவ்விளைவு ஒரே திசையில் நகர்ந்துகொண்டே போனால், பாகுநிலை இன்னும் தலையிடுகிறது என்பது பொருள்.

அளவுகோலின் தேர்வு

அழுத்தத்திற்கு ρU² என்னும் அளவுகோல் எல்லா ஓட்டங்களுக்கும் பொருந்துவதன்று. தேனில் கரண்டியை மெதுவாக நகர்த்தும்போது ரெனால்ட்சு எண் நூறில் ஒரு பங்கு அளவினதாக இருக்கும். அங்கு 1/Re மிகப் பெரிது. அழுத்தமும் நிலைமத்தால் அன்றிப் பாகுநிலையால் எழுகிறது. எனவே அழுத்த அளவுகோலாக μU/L ஐக் கொள்வதே முறை. ஈர்ப்பை முன்போல் அழுத்தத்துள் அடக்கிவிட்டால் சமன்பாடு பின்வருமாறு மாறும்:

Re(∂u*/∂t* + u*·∇*u*) = −∇*p* + ∇*²u*

Re சுழியத்தை நெருங்கும்போது இடப்பக்கம் மறைய, அழுத்தமும் பாகுநிலையும் ஒன்றையொன்று சமன் செய்கின்றன. முந்தைய அளவுகோலிலேயே நின்று Re ஐச் சுழியமாக்கியிருந்தால், அழுத்த உறுப்பும் தவறாக விலக்கப்பட்டிருக்கும்.

முடிவுரை

சமன்பாட்டைப் பரிமாணமற்றதாக்குதல் என்பது இயந்திரம் போலச் செய்து முடிக்கும் குறியீட்டு மாற்றமன்று. எந்த நீளம், எந்த வேகம், எந்த அழுத்தம் அவ்வோட்டத்திற்கு உரியது என்னும் தீர்ப்பு அதற்கு முன்பே வந்துவிடுகிறது. அத்தீர்ப்பு சரியாயின், கெழுக்களின் பருமனே எவ்விசை முதன்மையானது என்பதைக் காட்டும். அது பிழையாயின், சுவரோர அடுக்கிலும் தேனிலும் கண்டதுபோல, விலக்கக்கூடாததை விலக்கச் சொல்லும். ஸ்மார்ட் சுரங்கத்தைப் பொறுத்தவரை, எந்த எண்ணைக் காக்க வேண்டும் என்னும் வினாவிற்கு முன், கூரைக்கும் நீருக்கும் இடையே காற்று இருக்கிறதா என்னும் வினாவிற்கு விடை கண்டாக வேண்டும்.