வேகமா திருப்பினா கோபுரம் சாயுது... போன், ட்ரோன் வீடியோவில் இந்த ‘ஆட்டம்’ ஏன்? சரிசெய்வது எப்படி?

காரைக்குடியில் இருந்து சுமார் 10 கி.மீ. தூரத்தில் இருக்கும் குன்றக்குடிக்குப் போனவர்களில் பலர் இந்த வீடியோவை எடுத்திருப்பார்கள். அடிவாரத்தில் நின்று, தேர் வரும் வீதியில் தொடங்கி, மலைமேல் இருக்கும் சண்முகநாதர் கோயில் கோபுரம் வரை போனை ‘சர்ர்’ருன்னு ஒரு திருப்பு. வீட்டுக்கு வந்து பார்த்தால் கோபுரம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். திரும்ப இந்தப் பக்கம் வரும்போது எதிர்ப்பக்கம் சாயும். மொத்தத்தில் மலையே ஆடுவது போல இருக்கும்.

தைப்பூசத் தேரோட்டம் மாதிரியான காட்சியை மறுநாள் போய் திரும்ப எடுக்க முடியாது. அதனால் இந்த ஆட்டம் ஏன் வருகிறது, எடுக்கும்போதே எப்படித் தவிர்ப்பது, வந்துவிட்டால் எவ்வளவு தூரம் சரிசெய்யலாம் என்று பார்க்கலாம்.

கோபுரம் ஏன் சாயுது?

போன் கேமராவும் பெரும்பாலான ட்ரோன் கேமராக்களும் ஒரு ஃபிரேமை ஒரே நொடியில் மொத்தமாகப் பதிவு செய்வதில்லை. செய்தித்தாளை மேலிருந்து வரிவரியாகப் படிப்பது போல, சென்சாரும் மேல் வரியில் தொடங்கி கீழ் வரி வரை ஒவ்வொன்றாகப் பதிவு செய்கிறது. இதற்குப் பெயர்தான் ரோலிங் ஷட்டர்.

இப்படி ஒரு ஃபிரேமைப் படித்து முடிக்க 20 மில்லிவிநாடி, அதாவது ஒரு விநாடியில் 50-ல் ஒரு பங்கு, ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். போனை வலப்பக்கம் திருப்பும்போது படத்தில் கோபுரம் இடப்பக்கம் நகரும். கோபுரத்தின் உச்சி முதலில் பதிவாகிவிடும். அடிப்பகுதி பதிவாவதற்குள் கோபுரம் இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் போயிருக்கும். அதனால் உச்சி வலப்பக்கமும் அடி இடப்பக்கமும் இருக்க, கோபுரம் நீங்க திருப்பின திசையிலேயே சாய்ந்து தெரிகிறது.

எவ்வளவு சாயும்? 1920 பிக்சல் அகலமுள்ள வீடியோவில், கோபுரம் ஒரு ஓரத்தில் இருந்து மறு ஓரத்துக்கு ஒரே விநாடியில் கடக்கிறது என்றால்:

1920 ÷ 50 = சுமார் 38 பிக்சல்

ஃபிரேமின் உயரம் 1080 பிக்சல். அதில் 38 பிக்சல் விலகல் என்பது கிட்டத்தட்ட 2 டிகிரி சாய்வு. நேராக நிற்க வேண்டிய கோபுரத்திலும் கொடிமரத்திலும் இது பளிச்சென்று தெரியும். அதே தூரத்தை 7 விநாடியில் கடந்தால் விலகல் 5 பிக்சல்தான். கண்ணுக்கே தெரியாது.

ஷட்டர் ஸ்பீடை கூட்டினா சரியாகுமா?

ஆகாது. பலர் செய்யும் தவறு இதுதான். ஷட்டர் ஸ்பீடு என்பது ஒவ்வொரு வரியும் எவ்வளவு நேரம் வெளிச்சம் வாங்குகிறது என்பது. முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் இடையிலான நேரத்தை அது குறைப்பதில்லை. 1/1000-க்கு மாற்றினால் மங்கல் போய், சாய்வு இன்னும் தெளிவாகத் தெரியும்.

உதவுவது ஃபிரேம் எண்ணிக்கை. விநாடிக்கு 60 ஃபிரேம் எடுக்கும்போது, ஒரு ஃபிரேமை 16.7 மில்லிவிநாடிக்குள் படித்து முடித்தே ஆக வேண்டும். 120 ஃபிரேம் என்றால் 8.3-க்குள். அதனால் வேகமாகத் திருப்ப வேண்டிய காட்சி என்று முன்கூட்டியே தெரிந்தால், 30-ல் எடுக்காமல் 60-ல் எடுங்க.

போனை எப்படிப் பிடிக்கணும்?

போனைப் படுக்கையாகப் பிடித்துப் பக்கவாட்டில் திருப்பினால்தான் கோபுரம் சாயும். நெட்டாகப் பிடித்தால் சென்சாரின் வரிகளும் நெட்டாகிவிடும். அப்போது பக்கவாட்டில் திருப்பினால் கோபுரம் சாயாது. கொஞ்சம் அகலமாகவோ ஒல்லியாகவோ தெரியும். மேலே சொன்ன அதே வேகத்தில் அந்த மாற்றம் 3 முதல் 4 சதவீதம்தான். யாரும் கவனிக்க மாட்டார்கள்.

ஆனால் மலைப்படிகளைக் கீழிருந்து மேலாக எடுக்கும்போது கதை மாறும். நெட்டாகப் பிடித்த போனை வேகமாகத் தூக்கினால் படிகள் சரிவாகத் தெரியும். அதனால் படிகளுக்குப் படுக்கை, வீதியில் இருந்து கோபுரத்துக்குத் திருப்ப நெட்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

எடிட்டிங்கில் சரிசெய்வது எப்படி?

முதலில் உங்க கேமரா ஒரு ஃபிரேமைப் படிக்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று தெரிய வேண்டும். இதற்கு ஒரு மலிவான எல்இடி பல்பு போதும். நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், பல வகை பல்புகள் விநாடிக்கு 100 முறை மினுங்கும். அதாவது 10 மில்லிவிநாடிக்கு ஒருமுறை. ப்ரோ மோடில் ஷட்டரை 1/1000-ல் வைத்து, பல்பு வெளிச்சம் விழும் வெள்ளைச் சுவரை எடுங்க. திரையில் கறுப்புப் பட்டைகள் தெரியும். பட்டைகளின் எண்ணிக்கையை 10-ஆல் பெருக்குங்க. 2 பட்டை என்றால் சுமார் 20 மில்லிவிநாடி. பட்டையே தெரியவில்லை என்றால் அந்த பல்பு மினுங்காத வகை. வேறு பல்பில் பாருங்க. எந்த ஃபிரேம் எண்ணிக்கையில் வீடியோ எடுக்கப் போறீங்களோ அதிலேயே இந்தச் சோதனையையும் செய்யணும்.

அடோபி பிரீமியர் ப்ரோவில் Rolling Shutter Repair என்ற எஃபெக்ட் இருக்கிறது. அதில் Rolling Shutter Rate என்பது, ஒரு ஃபிரேமுக்கான நேரத்தில் படிப்பதற்கு எத்தனை சதவீதம் ஆகிறது என்பதுதான். 30 ஃபிரேம் வீடியோவில் ஒரு ஃபிரேமுக்கு 33.3 மில்லிவிநாடி. அதில் 20 என்றால் 60 சதவீதம். அந்த எண்ணைக் கொடுத்து, கோபுரம் நேராகும் வரை கொஞ்சம் ஏற்றி இறக்கிப் பாருங்க. சாய்வு குறையாமல் இன்னும் அதிகமானால் Scan Direction தப்பு. போனைத் தலைகீழாகப் பிடித்திருந்தால் இப்படி ஆகும். ஸ்டெபிலைசேஷன் செய்வதாக இருந்தால், இதை முதலில் போட்டுவிட்டு அதைப் பிறகு போடுங்க. வரிசை மாறினால், எந்த வரி எப்போது பதிவானது என்ற கணக்கே கலைந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. சில போன்கள் ஸ்டெபிலைசேஷன் செய்யும்போது இந்தச் சாய்வையும் தாங்களே ஓரளவு திருத்திவிடும். அதன்மேல் இன்னொரு முறை போட்டால் கோபுரம் எதிர்ப்பக்கம் சாயும். அப்படித் தெரிந்தால் எஃபெக்ட்டை எடுத்துவிடுங்க.

ட்ரோனில் வருவது வேறு ஆட்டமா?

ட்ரோன் வீடியோவில் கோபுரம் சாயாமல், தண்ணீரில் தெரியும் பிம்பம் மாதிரி நெளிந்தால் காரணம் வேறு. அது இறக்கையின் அதிர்வு. ஒரு ஃபிரேமைப் படித்து முடிப்பதற்குள் கேமரா பலமுறை இப்படியும் அப்படியுமாக அதிர்கிறது. நுனி உடைந்த இறக்கையை மாற்றுவதும், கிம்பலைத் தாங்கும் ரப்பர்கள் கிழியாமல் இருக்கிறதா என்று பார்ப்பதும்தான் முதல் வேலை. இந்த நெளிவை எடிட்டிங்கில் முழுசா எடுப்பது கஷ்டம்.

ட்ரோன் நின்ற இடத்திலேயே சுழன்றால் மலையும் வீதியும் கிட்டத்தட்ட ஒரே அளவு சாயும். அதைத் திருத்திவிடலாம். ஆனால் தேருக்குப் பக்கத்தில் பக்கவாட்டில் பறந்தால் தேர் அதிகமாகவும், தூரத்து மலை குறைவாகவும் சாயும். தேரை நிமிர்த்தினால் மலை எதிர்ப்பக்கம் வளையும். அங்கே மென்பொருளை நம்ப முடியாது. மெதுவாகப் பறப்பது மட்டும்தான் வழி.

எனவே தேர் கிளம்பும் முன், வீதியில் ஏதாவது ஒரு மின்கம்பத்தைப் பார்த்து ஒருமுறை திருப்பி எடுத்துப் பாருங்க. கம்பம் நேராக நின்றால் அந்த வேகம் பாதுகாப்பானது. சாய்ந்தால், இன்னும் மெதுவாகத் திருப்பிப் பாருங்க. தேர் வரும்போது அந்த வேகத்தைத் தாண்டாதீங்க.