காலையில் வைக்கோல், மாலையில் காய்ச்சல்

முப்பத்துமூன்று வருடம் வங்கியில் கணக்குப் பார்த்தவன் நான். என் உடம்புக் கணக்கு மட்டும் நாலு மாதம் டேலி ஆகவில்லை.

திருவிடந்தையில் ஒன்றரை ஏக்கர், இரண்டு மாடு, பதினைந்து கோழி. சொர்ணவாரி அறுவடை முடிந்து வைக்கோல் காய்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஈரத்தோடு சுருட்டிய கட்டுகளைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டேன். ஒரு வாரம் கழித்துக் கையை விட்டால் உள்ளே சூடு. "புழுங்குதுங்க ஐயா" என்றார் வேலைக்கு வரும் பெரியவர். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கார்த்திகையில் கட்டைப் பிரித்தபோது மாவு மாதிரி வெள்ளையாகப் பறந்தது. அதைத்தான் காய்கறிப் பாத்திக்கு மூடாக்காகப் போட்டேன்.

அப்போதிலிருந்து சில நாட்களில் சாயந்திரமானால் குளிர், உடம்புவலி, வறட்டு இருமல், நெஞ்சில் இறுக்கம். மறுநாள் விடிந்தால் ஓரளவு சரியாகிவிடும். நிமோனியா என்று இரண்டு முறை ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். சளிப் பரிசோதனையில் காசநோய் இல்லை. மாசி மாதம் பெருமாள் கோயில் வரை நடக்கவே மூச்சு வாங்கியது.

கடைசியாகப் பார்த்த நுரையீரல் மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பை எடுக்கும் முன் அரை மணி நேரம் கேள்வி கேட்டார். வீட்டில் ஏர்கூலர் உண்டா, புறா, லவ்பேர்ட்ஸ் உண்டா, சுவரில் பூஞ்சணம் உண்டா, தலையணையில் இறகா பஞ்சா. பிறகு, "காய்ச்சல் எத்தனை மணிக்கு வருது சார்? ஊருக்குப் போனா எப்படி இருக்கு?" என்றார். பொங்கலுக்குக் கோவையில் மகள் வீட்டில் பன்னிரண்டு நாள் இருந்தபோது ஒரு மாத்திரைகூடப் போடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அவருக்கு முதல் சந்தேகம் கோழிமேல். ஆனால் கோழிக்கூண்டை நான் தினமும் கூட்டுகிறேன், காய்ச்சலோ தினமும் வருவதில்லை. "எந்தெந்த நாள்னு எழுதி வச்சிருக்கீங்களா?" என்றார். எழுதி வைத்திருந்தோம், இரண்டு இடத்தில். இயற்கைச் சான்றிதழுக்காக நான் எழுதும் பண்ணை நாட்குறிப்பில் மூடாக்குப் போட்ட நாட்கள் இருந்தன. மாதக் காலண்டரில், நான் காய்ச்சல் மாத்திரை போட்ட நாளை என் மனைவி வட்டமிட்டிருந்தாள். பாஸ்புக்கையும் லெட்ஜரையும் ஒத்துப் பார்ப்பதுபோல் உட்கார்ந்து பார்த்தேன். ஒன்பது வட்டம். எட்டு நாள் காலை பதினோரு மணி வாக்கில் கட்டுப் பிரித்திருக்கிறேன். ஐந்து, ஆறு மணிக்குக் காய்ச்சல். ஒன்பதாவது, மாட்டுக்கு வைக்கோல் உதறிப் போட்ட நாள்.

இந்த இடைவெளிதான் ஆளை ஏமாற்றுவது. தூசியைச் சுவாசித்த உடனே எதுவும் தெரியாது. நாலிலிருந்து எட்டு மணி நேரம் கழித்துத்தான் வரும். அதற்குள் குளித்து, சாப்பிட்டு, தூங்கியும் எழுந்திருப்போம். வைக்கோலை யார் நினைக்கிறார்கள்?

ஈர வைக்கோல் சூடாகும்போது, சூட்டில் வளரும் நுண்ணுயிர்களும் பூஞ்சைகளும் பெருகுகின்றன. அவற்றின் வித்துகள் நுரையீரலின் கடைசி காற்றறை வரை போகும் அளவுக்குச் சிறியவை. அவை நமக்குள் வளர்வதில்லை. நம் எதிர்ப்புசக்திதான் அவற்றைக் கண்டு அங்கே அழற்சியை உண்டாக்குகிறது. அதனால்தான் ஆன்டிபயாடிக் கேட்கவில்லை. இதைக் குடியானவர் நுரையீரல் என்று இங்கிலாந்தில் 1932-லேயே எழுதியிருக்கிறார்கள். பறவைகளின் இறகுத்தூள், எச்சம் இவற்றாலும் இதே நோய் வரும். அது பெரும்பாலும் காய்ச்சலே இல்லாமல், இருமலும் மூச்சுவாங்கலுமாக மெல்ல வருவதால் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம்.

எனக்கு சி.டி. ஸ்கேனில் புகைபடிந்த கண்ணாடி மாதிரி திட்டுகள் தெரிந்தன. ஸ்கேனும் என் நாட்குறிப்பும் ஒத்துப்போனதை வைத்துத்தான் நோயை முடிவு செய்தார். ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்க்கும் பரிசோதனை உண்டு. ஆனால் அது இருந்தால் அந்தத் தூசியோடு பழகியிருக்கிறோம் என்றுதான் அர்த்தம். இல்லை என்பதற்காக நோய் இல்லை என்றும் சொல்ல முடியாதாம்.

இது அபூர்வ நோய் என்று நினைத்திருந்தேன். இந்தியாவில் 19 நகரங்களின் 27 மையங்களில் இவ்வகை நுரையீரல் நோயாளிகள் 1,084 பேரிடம் விவரமாகக் கேட்டுத் தொகுத்து 2017-ல் வெளியிட்டார்கள். 47 சதவீதம் பேருக்கு இந்த ஒவ்வாமை அழற்சிதான். அவர்களிடம் அதிகம் தென்பட்ட காரணம் ஏர்கூலர்.

சிகிச்சையில் ஸ்டீராய்டு மாத்திரை கொஞ்ச நாள்தான். முக்கியம் அந்தத் தூசியிலிருந்து விலகுவது. மாத்திரை போட்டுக்கொண்டே வைக்கோல் பிரித்தால், மேலுக்கு சுகமாகத் தெரிந்தாலும் உள்ளே தழும்பு விழுந்துகொண்டே இருக்கலாம், விழுந்த தழும்பு மாறாது என்றார். எனக்கு ஓரத்தில் கொஞ்சம் விழுந்துவிட்டது. மாடி ஏறினால் இன்னும் தெரிகிறது.

இப்போது வைக்கோலை நன்றாக உலர்த்தி, சவுக்குக் கழிப் பரண்மேல் காற்றுப் போக அடுக்குகிறோம். பூசணம் பிடித்ததை உதறுவதே இல்லை. தண்ணீர் தெளித்து நனைத்து, வெட்டவெளியில் உரக்குழிக்குப் போகும். அந்த வேலை எனக்குக் கிடையாது. என்95 முகக்கவசம் தூசியைக் குறைக்கும், முழுதாகத் தடுக்காது என்பதால் ஒருமுறை நோய் வந்தவன் அதை நம்பி இறங்கக் கூடாது.

அப்படியானால் யார் செய்வது? பெரியவருக்கு முகக்கவசம் வாங்கிக் கொடுத்தபோது, "எனக்கும் ரெண்டு வருசமா இருமல் இருக்குங்க, பீடின்னு விட்டுட்டேன்" என்றார். சாயந்திரம் குளிர் வருமா என்று கேட்டேன். யோசித்தார். வரும் திங்கட்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு போகிறேன், என் நாட்குறிப்பையும் எடுத்துக்கொண்டு.