விலை வந்தது, பங்கு வரவில்லை
பங்குச் சந்தையின் உள்ளே – 14

"நான் 402 ரூபாய்க்கு வாங்க ஆர்டர் போட்டிருந்தேன் சார். அன்னைக்கு லோ 402.00னு சார்ட்லயே இருக்கு. ஆனா எனக்கு ஒரு பங்குகூட கிடைக்கலை. புரோக்கர் ஏதாவது விளையாடுறாரா?"

லிமிட் ஆர்டர் பற்றி எழுதத் தொடங்கியதிலிருந்து அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பெரும்பாலான நேரங்களில் புரோக்கர் மேல் குற்றமில்லை. 402.00 என்ற விலையில் வியாபாரம் நடந்தது உண்மை. அந்த வியாபாரம் உங்களுக்கு முன்னால் நின்றவர்களோடு முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

என்.எஸ்.இ.யின் கணினி ஆர்டர்களைப் பொருத்தும்போது முதலில் விலையைப் பார்க்கும். வாங்குபவர்களில் அதிக விலை சொன்னவருக்கு முன்னுரிமை. ஒரே விலையில் பலர் இருந்தால், யார் ஆர்டர் முதலில் வந்து பதிவானதோ அவருக்கே முதலில் கிடைக்கும். உங்கள் ஆர்டர் சிறியதா பெரியதா, நீங்கள் தனிநபரா மியூச்சுவல் ஃபண்டா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. ஆக, ஒவ்வொரு விலைக்கும் தனியாக ஒரு வரிசை நிற்கிறது. அதில் நீங்கள் எத்தனையாவது ஆள் என்பதை மட்டும் திரை காட்டுவதில்லை.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். பங்கு 405 ரூபாயில் இருக்கிறது. காலை 9.40-க்கு நீங்கள் 402.00-ல் 500 பங்கு வாங்க ஆர்டர் போடுகிறீர்கள். அதற்குச் சற்று முன் மார்க்கெட் டெப்த்தில் 402.00-க்கு நேராக 18,400 பங்குகள் காத்திருந்தன. அத்தனையும் உங்களுக்கு முன்னால். பதினொரு மணிவாக்கில் விலை இறங்குகிறது. இறங்கும்போதே முன்னால் நின்ற சிலர் பயந்து 4,000 பங்குகளுக்கான ஆர்டர்களை ரத்து செய்கிறார்கள். இப்போது உங்களுக்கு முன்னால் 14,400. இதற்குள் உங்களுக்குப் பின்னால் புதிதாக 9,000 பங்குகளுக்கு ஆர்டர் சேர்ந்துவிட்டது.

விலை 402.00-ஐத் தொடுகிறது. விற்க வந்தவர்கள் அந்த விலையில் மொத்தம் 11,000 பங்குகளை விற்கிறார்கள். பிறகு விற்பனை ஓய்ந்து விலை 404-க்குத் திரும்புகிறது. உங்களுக்கு முன்னால் இன்னும் 3,400 பங்குகள் பாக்கி. சார்ட்டில் லோ 402.00 என்று நின்றுவிடும். உங்கள் ஆர்டர் அப்படியே தொங்கும். அந்த நேரம் டெப்த்தைத் திறந்தால் 402.00-ல் 12,900 என்று காட்டும். அதில் 3,400 உங்களுக்கு முன்னால், 500 உங்களுடையது, 9,000 பின்னால். இந்தப் பிரிவினையைத் திரை சொல்லாது. ரத்தான ஆர்டர்கள் உங்களுக்கு முன்னால் நின்றவையா பின்னால் நின்றவையா என்பதும் உங்களுக்குத் தெரியாது. எனவே வரிசையில் நம் இடத்தை ஊகிக்கத்தான் முடியும்.

இதே கணக்கில் விற்பனை 11,000-க்குப் பதில் 14,700 ஆக இருந்திருந்தால்? முன்னால் இருந்த 14,400 தீர்ந்து, மிச்சம் 300 உங்களுக்கு வரும். 200 நிற்கும். இதுதான் பகுதி நிறைவேற்றம். அந்த 200 தன் இடத்தை இழக்காது. இப்போது வரிசையில் முதல் ஆள் அதுதான். அன்று சந்தை முடிவதற்குள் ஆள் வராவிட்டால் ஆர்டர் காலாவதியாகும். மறுநாள் போட்டால் புதிய ஆர்டர், வரிசையின் கடைசி. ஆர்டருக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கும் புரோக்கராக இருந்தால் இன்னொரு முறை கட்டணமும் உண்டு.

இங்கே பலர் ஒரு தப்பு செய்கிறார்கள். நிற்கும் ஆர்டரைச் சும்மா சும்மா திருத்துகிறார்கள். விலையை 402.00-லிருந்து 402.05-க்கு மாற்றி, மனம் மாறி மறுபடி 402.00-க்குக் கொண்டுவந்தால் பழைய இடம் போய்விடும். எண்ணிக்கையைக் கூட்டினாலும் அப்படியே. 500-ஐ 600 ஆக்கினால் மொத்த ஆர்டரும் பின்னால் போகும். குறைத்தால் மட்டும் இடம் பறிபோவதில்லை. கூடுதலாக 100 வேண்டுமென்றால் அதைத் தனி ஆர்டராகப் போடுவதே புத்திசாலித்தனம்.

ஜி.டி.டி. ஆர்டர் போடுபவர்களுக்கு இன்னொரு செய்தி. அந்த ஆர்டர் தன் தூண்டல் விலை வரும்வரை புரோக்கரின் கணினியில்தான் தூங்குகிறது. சந்தையின் வரிசையில் இல்லை. தூண்டல் 402, லிமிட்டும் 402 என்று வைத்தால், விலை 402-ஐத் தொட்ட பிறகுதான் அது சந்தைக்கே கிளம்பும். காலையிலிருந்து நிற்கும் அத்தனை பேருக்கும் பின்னால் போய் நிற்கும். தூண்டலைக் கொஞ்சம் மேலே, 404 என்று வைத்தால் விலை இறங்கி வருவதற்குள் வரிசையில் சேர்ந்துகொள்ள அவகாசம் கிடைக்கும்.

அப்படியென்றால் எப்போது நிச்சயமாகக் கிடைக்கும்? விலை உங்கள் நிலையைத் தொட்டால் போதாது, தாண்ட வேண்டும். இந்தப் பங்குக்கு மிகச்சிறிய விலை நகர்வு 5 காசு என்றால், 401.95-ல் ஒரு பங்கு கைமாறினாலும் அதற்குள் 402.00-ன் வரிசை முழுக்கத் தீர்ந்திருக்க வேண்டும். விதி அப்படி.

இதில் ஒரு கசப்பு ஒளிந்திருக்கிறது. விலை தொட்டுவிட்டுத் துள்ளி எழுந்த நாள்களில் வரிசையின் பின்பகுதிக்குப் பங்கு கிடைப்பதில்லை. விலை ஊடுருவிக் கீழே போன நாள்களில் எல்லோருக்கும் முழுசாகக் கிடைக்கிறது. அதாவது, வாங்கிய கையோடு நஷ்டம் காட்டும் வாங்கல்கள் உங்கள் கணக்கில் தவறாமல் சேரும். லாபமாக முடிந்திருக்க வேண்டியவை பலவும் நழுவும். "நான் வாங்கினா மட்டும் இறங்குது" என்ற புலம்பலில் விதிக்குப் பங்கு குறைவு, வரிசைக்குப் பங்கு அதிகம்.

பழைய விலைகளை வைத்துத் தன் உத்தியைச் சோதித்துப் பார்ப்பவர்கள் ஏமாறுவதும் இங்கேதான். பலர் எழுதும் நிபந்தனை `low <= limit` என்றிருக்கும். தொட்ட நாளெல்லாம் வாங்கியதாகக் கணக்கு ஏறும். துள்ளி எழுந்த நாள்களின் லாபம் முழுக்க ஏட்டில் சேர்ந்து உத்தி ஜொலிக்கும். அதையே `low < limit` என்று மாற்றி ஓட்டிப் பாருங்கள். லாபம் பெரிதாகச் சுருங்கினால் அந்த உத்தி நிற்பது கிடைக்காத பங்குகளின் மேல். இந்தச் சோதனை கொஞ்சம் கடுமையானதுதான். தொட்ட நாளிலும் முன்வரிசைக்காரருக்குக் கிடைத்திருக்குமே. ஆனால் ஏமாறுவதைவிடக் கடுமை மேல்.

சோதிக்கும்போது எந்தச் சந்தையின் சார்ட் என்றும் பாருங்கள். என்.எஸ்.இ.க்கும் பி.எஸ்.இ.க்கும் வரிசைகள் தனித்தனி. ஒன்றில் தொட்ட விலை மற்றொன்றில் நிற்கும் ஆர்டருக்கு எந்த உரிமையும் தராது.

முழு எண்களில் கூட்டம் எப்போதும் அதிகம் என்பதையும் மறக்க வேண்டாம். 400, 450, 500 என்று மனதுக்கு வசதியான விலைகளில்தான் எல்லோரும் ஆர்டர் போடுகிறார்கள். பல வருடங்கள் வைத்திருக்க 500 பங்கு வாங்குபவர் 402.00-க்குப் பதில் 402.10 என்று போட்டால் கூடுதல் செலவு 50 ரூபாய். வரிசையில் பல ஆயிரம் பங்குகளைத் தாண்டி நிற்க அது மலிவான விலை. தினசரி வியாபாரிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவருக்குப் பத்து காசும் லாபத்தில் பெரிய துண்டு.

புரோக்கரோடு சண்டைக்குப் போவதற்கு முன் இதைச் செய்யுங்கள். நீங்கள் ஆர்டர் போட்ட அதே சந்தையில், ஆர்டர் பதிவான நேரத்துக்குப் பிறகு, உங்கள் விலைக்கும் கீழே வியாபாரம் நடந்ததா என்று பாருங்கள். நடக்கவில்லை என்றால் புகாருக்கு இடமில்லை. நடந்தும் உங்கள் வாங்கும் ஆர்டர் நிறைவேறாமல் நின்றிருந்தால், ஆர்டர் எண்ணையும் பதிவான நேரத்தையும் குறிப்பிட்டு எழுத்தில் விளக்கம் கேளுங்கள்.